மெத்தை ப்ரொடெக்டர், டூவே கவர், பெரிய குயில்ட்: வீட்டு மெஷினுக்குள்ள எது போகும், எது போகாது

வாஷிங் மெஷின்ல முன்னுக்கு ஒட்டியிருக்கிற 8 கிலோ, 9 கிலோ எண்ட ஸ்டிக்கரைப் பாத்துத்தான் கனபேர் குயில்ட்டைப் போடுறது. அந்தக் கணக்கு குயில்ட்டுக்குச் சரிவராது. அந்த 8 கிலோ எண்டது காய்ஞ்ச பருத்தி உடுப்பு 8 கிலோ, அதுவும் கொட்டன் ப்ரோகிராம்ல மட்டும். அதே மெஷின்ல சிந்தெற்றிக் ப்ரோகிராமுக்குப் போனா அளவு பாதிக்குக் கிட்டக் குறையும், பெடிங் இல்லாட்டி டூவே எண்டு ஒரு ப்ரோகிராம் இருந்தா அதுக்கு இன்னும் குறைவு, 7, 8 கிலோ மெஷின் கனக்கதில 2 இலிருந்து 3 கிலோ வரைக்கும்தான் போட்டிருப்பான். மெஷினோட வந்த சின்னப் புத்தகத்தில ஒரு பெட்டி போட்டு இது எல்லாம் இருக்கும், அந்தப் பக்கத்தை ஒருக்கா போன்ல படம் எடுத்து வச்சிருங்கோ.

ரெண்டு விஷயம் பாக்கோணும்: ஒண்டு நிறை, மற்றது பருமன். குயில்ட் விஷயத்தில நிறை பாஸ் ஆகி பருமன்ல ஃபெயில் ஆகிறதுதான் வழக்கம்.

நிறை பாக்கிறது

வெளிநாட்டுக்குப் போய் வாற ஆக்கள் இருக்கிற வீட்டில எல்லாம் சூட்கேஸ் தூக்கிப் பாக்கிற தொங்கல் தராசு ஒண்டு எங்கயாவது கிடக்கும். குயில்ட்டை ஒரு பெட்சீற்றில மூட்டையாக் கட்டி அதில கொளுவிப் பாருங்கோ. அது இல்லையெண்டா ஆக்கள் நிறுக்கிற தராசில குயில்ட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஏறி நிண்டு ஒருக்கா, வெறுங்கையோட ஒருக்கா, கழிச்சா வந்திடும். வந்த நிறையை லேபிளுக்குப் பக்கத்தில அழியாத பேனையால எழுதி விடுங்கோ, ஏனெண்டா தோய்ச்சு முடிஞ்ச பிறகு இந்த இலக்கம் திரும்பவும் தேவைப்படும், கீழ வரும்.

தராசே இல்லாட்டி கணக்குப் போடலாம். குயில்ட் லேபிள்ல ஜிஎஸ்எம் எண்டு ஒரு இலக்கம் இருக்கும், ஒரு சதுர மீற்றருக்குள்ள எத்தினை கிராம் பஞ்சு எண்டு அர்த்தம். 220க்கு 240 சென்ரிமீற்றர் கிங் சைஸ் குயில்ட் எண்டா பரப்பு 5.28 சதுர மீற்றர். 300 ஜிஎஸ்எம் எண்டா பஞ்சு மட்டும் 1.6 கிலோவுக்குக் கிட்ட. மேலயும் கீழயும் இருக்கிற துணி மைக்ரோஃபைபர் எண்டா அது இன்னொரு 800, 850 கிராம் வரும். மொத்தம் 2.4 கிலோ.

பருமன் பாக்கிறது

இதுக்குத் தராசு தேவையில்லை, கை போதும். காய்ஞ்ச குயில்ட்டை ட்ரம்முக்குள்ள தளர்வாப் போடுங்கோ, முழங்காலால அமத்தி அடைக்கக்கூடாது, தானாப் போகோணும். போட்ட பிறகு துணிக்கும் ட்ரம் மேல் பக்கத்துக்கும் நடுவில உங்கட கையை விரல் நிமித்தி நிலைக்குத்தா வச்சு உள்ளுக்க விடுங்கோ. தடையில்லாமப் போய்த் திரும்பினா சரி. கையைப் படுக்கையா வச்சுத்தான் போகுது எண்டா அது நிரம்பினதாத்தான் கணக்கு. கதவைச் சாத்தேக்க துணி கண்ணாடியில தேய்ச்சுக்கொண்டு நிண்டா அதைப் போடவே வேண்டாம், கதவு விளிம்பில இருக்கிற ரப்பர்தான் முதல்ல கிழியும்.

ஏன் இவ்வளவு இடம் விடச் சொல்றம் எண்டா, ஃப்ரண்ட் லோட் மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிக் கீழ போட்டுத்தான் அழுக்கை எடுக்குது. விழுறதுக்கு இடமில்லாட்டி குயில்ட் ட்ரம்மோட சேர்ந்து சும்மா சுத்தும், வெளிப்பக்கம் நனைஞ்சிருக்கும், நடுவில பவுடர் கலந்த தண்ணி போய்ச் சேராது, போனதும் திரும்பி வெளியில வராது.

ஒரு கணக்கைச் செய்து பாப்பம்

திருகோணமலை அலஸ்தோட்டத்தில ரெண்டு அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுற எங்கட அக்கா ஒராளிட்ட 8 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின் இருக்கு. சீசன் மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும், ஏசி அறை, அதால குயில்ட் இல்லாமச் சரிவராது. ஒரு அறைக்கு மேல சொன்ன அதே 2.4 கிலோ கிங் சைஸ், மற்ற அறைக்கு 150க்கு 200, மெல்லிசு, 150 ஜிஎஸ்எம். அக்கா கேட்டது, "8 கிலோ எண்டு போட்டிருக்கான் தானே தம்பி, இது ரெண்டரைக் கிலோவும் இல்லையே, ஏன் போடக்கூடாது?"

புத்தகத்தில பெடிங் ப்ரோகிராமுக்கு 2.5 கிலோ எண்டு இருந்தது, அப்ப நிறைப்படி கிங் சைஸ் போகும். கை வச்சுப் பாத்தா விரல் நுனி கூட உள்ளுக்க போகேல்ல, அமத்தினாத்தான் கதவு மூடும். அப்ப அது இந்த மெஷினுக்கு இல்லை, பேச்சு முடிஞ்சுது. மற்றது 3 சதுர மீற்றர், பஞ்சு 450 கிராம், துணியோட சேர்த்து ஒரு கிலோவுக்குள்ள, ட்ரம்மில பாதிதான் வந்தது, தாராளமாப் போடலாம்.

பொதுவா ஒரு கைக்கணக்காச் சொன்னா, மெல்லிசு சிங்கிள் குயில்ட் 6, 7 கிலோ மெஷினுக்குப் போகும், டபிள் எண்டா 8 கிலோ வேணும், கிங் சைஸ் கொஞ்சம் மொத்தமா இருந்தா 10 கிலோவுக்கு மேல பாக்கோணும். கனடா, லண்டன்ல இருந்து சொந்தக்காரர் கொண்டு வாற குளிர்கால குயில்ட்டுகள் இந்தக் கணக்குக்குள்ளயே வராது, அதுகளுக்கு லோண்ட்ரியில இருக்கிற பெரிய மெஷின்தான், குடுக்கேக்க எத்தினை கிலோ மெஷின்ல போடுவீங்கள் எண்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்கோ. உள்ளுக்க இறகு இருந்தாலும் அங்கதான் அனுப்போணும், எங்கட காத்தில இருக்கிற ஈரத்தில இறகைக் காய வைக்கிறது பெரும்பாடு.

மெஷின்ல போகிற குயில்ட்டைத் தோய்க்கிறது

முதல்ல தையலைச் சுத்திப் பாருங்கோ, எங்கயாவது நூல் விட்டிருந்தா கையால ரெண்டு ஊசி போட்டிட்டுத்தான் உள்ளுக்க விடோணும், இல்லையெண்டா பஞ்சு வெளியில வந்து ஃபில்டர் அடைச்சிடும். கறை இருந்தா அந்த இடத்தை மட்டும் திரவ டிடர்ஜென்ட் துளி வச்சு விரலால தேய்ச்சு விடுங்கோ.

போடேக்க இறுக்கிச் சுருட்டிப் போட வேண்டாம், முன்னுக்கும் பின்னுக்குமா மடிச்சு மடிச்சுத் தளர்வா விடுங்கோ. தனியத்தான் போடோணும், இடம் மிச்சம் இருக்கு எண்டு ரெண்டு பெட்சீற்றையும் சேர்த்துத் தள்ளக்கூடாது. பவுடரை விட திரவம் நல்லம், வழமையில பாதி அளவு. கூடப் போட்டா நல்லா வெளுக்கும் எண்டு இல்லை, பஞ்சுக்குள்ள போன நுரை வெளியில வாறது கஷ்டம், அது காய்ஞ்சு பிறகு படுக்கேக்க உடம்பு கடிக்கும். கடற்கரைப் பக்கம் கிணத்துத் தண்ணி உவரா இருக்கிற வீடுகளில கடைசித் தண்ணியாவது பைப் தண்ணியா இருந்தா நல்லம். சூடு 30 இலிருந்து 40 பாகை, கூடுதல் அலசல் ஒண்டு கட்டாயம், ஸ்பின் 600 இலிருந்து 800க்குள்ள.

முடிஞ்ச உடன வெளியில எடுத்து நடுப்பகுதியைப் பிடிச்சுப் பிழிஞ்சு பாருங்கோ. வெள்ளை நுரை வந்தா பவுடர் இல்லாம இன்னொருக்கா அலசோணும். நடுவில காய்ஞ்ச இடம் இருந்தா மெஷின் உங்கட குயில்ட்டுக்குச் சின்னன், அடுத்த முறை போட வேண்டாம்.

டொப் லோட்காரருக்கு வேற பிரச்சினை. குயில்ட்டுக்குள்ள காத்து நிண்டு அது பலூன் மாதிரி மேல மிதக்கும், மேல் பக்கம் நனையாது, கீழ இருக்கிற பக்கத்தைச் சுத்துற தட்டு அராத்தும், அதில மைக்ரோஃபைபர் துணி நூல் நூலா எழும்பி நாசமாப் போகும். மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்து கையால அமத்திக் காத்தை வெளியேத்தி, நல்லா நனைஞ்ச பிறகுதான் திரும்ப விடோணும். அமத்தியும் அது தண்ணிக்கு மேலயே வந்து நிண்டா வெளியில எடுங்கோ. ஸ்பின்ல போய் ட்ரம் தடதடவெண்டு அடிச்சு நிண்டு திரையில UE எண்டோ Ub எண்டோ வந்தா பாரம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்செண்டு அர்த்தம், திறந்து பரத்தி விட்டு ஒருக்கா முயற்சி செய்யலாம், திரும்பவும் வந்தா விடுங்கோ, பேரிங்குக்குச் செலவு வைக்காதீங்கோ. ரெண்டு தொட்டி இருக்கிற செமி ஒட்டோமற்றிக்ல தோய்க்கிற தொட்டி மெல்லிசு குயில்ட்டை ஒருமாதிரித் தாங்கும், ஸ்பின் தொட்டி சின்னன், அதுக்குள்ள குயில்ட்டைத் திணிக்கவே கூடாது.

மெஷின்ல போகாததுக்குக் கால்தான்

கிங் சைஸை அக்கா வீட்டுக் கிணத்தடியில தோய்ச்சம். பிள்ளையள் குளிக்கிற பெரிய ப்ளாஸ்ரிக் தொட்டி ஒண்டு, அதுக்குள்ள குயில்ட்டைப் போட முந்தி ஒரு பழைய பெட்சீற்றை விரிச்சுப் போடுங்கோ. இதுதான் இதில முக்கியமான வேலை. ஊறின கிங் சைஸ் குயில்ட் 15 கிலோவுக்கு மேல சுலபமாப் போகும், அதை ஒரு மூலையில பிடிச்சுத் தூக்கினா உள்ளுக்க இருக்கிற தையல் பிரிஞ்சு பஞ்சு எல்லாம் ஒரு பக்கம் வந்து சேரும். அடியில பெட்சீற் இருந்தா ரெண்டுபேர் நாலு மூலையையும் பிடிச்சுப் பாரம் முழுக்க அதில விட்டுத் தூக்கலாம்.

தண்ணி 40 லீற்றர் அளவில, ரெண்டு மேசைக்கரண்டி திரவ டிடர்ஜென்ட் கலக்கி, குயில்ட்டைப் போட்டு அரை மணித்தியாலம் ஊற விட்டு, காலைக் கழுவிப்போட்டு ஏறி மிதிக்கிறதுதான், குதிக்க வேண்டாம், குதிக்கால வச்சு அமத்தி அமத்தி நடந்தாப் போதும். தண்ணி கறுக்கிறதைப் பாத்தா மெஷின்ல போட்டிருந்தா இதெல்லாம் எங்க போயிருக்கும் எண்டு தோணும். பிறகு மூண்டு நாலு தண்ணி மாத்தி மிதிச்சு அலசுங்கோ, மிதிக்கேக்க நுரை எழும்பாம நிக்குமட்டும். முறுக்கிப் பிழியக்கூடாது. பெட்சீற்றோட தூக்கி ஒரு வாங்கில போட்டு ஒரு மணித்தியாலம் தண்ணி தானா வடிய விட்டிட்டுத்தான் கொடிக்குக் கொண்டு போகோணும்.

இந்தப் பாடு அடிக்கடி படத் தேவையில்லை. கவர் போட்டுப் பாவிச்சா குயில்ட்டை வருஷத்துக்கு ஒருக்கா இல்லாட்டி ரெண்டு தரம் தோய்ச்சாக் காணும், அதுக்கு நடுவில வெயில்ல போட்டு உதறி எடுக்கலாம்.

டூவே கவர்

கவருக்கு நிறைப் பிரச்சினை இல்லை, ஒரு கிங் சைஸ் கவர் கூடினா ஒன்றேகால் கிலோ. அதின்ர பிரச்சினை வாய். தோய்க்கேக்க அந்த வாயால தலையணை உறை, சொக்ஸ், பிள்ளையின்ர பெனியன் எல்லாம் உள்ளுக்க போய் ஒரு பந்தாத் திரளும், வெளியில எடுக்கேக்க உள்ளுக்க போன உடுப்பு சவர்க்காரத்தோட அப்பிடியே இருக்கும், அந்தப் பந்தாலதான் ஸ்பின்ல மெஷின் துள்ளுறதும். உட்பக்கம் வெளியில வாற மாதிரிப் புரட்டி, பொத்தானைப் பூட்டி இல்லாட்டி ஸிப்பை இழுத்துப் போட்டிட்டுத்தான் போடோணும். ஒரு தடவைக்கு ரெண்டு கவர், அதோட அதின்ர தலையணை உறை, அவ்வளவுதான். டொப் லோட்ல தட்டைச் சுத்தி வளையமாப் போடாம நாலு குவியலாப் போடுங்கோ. புரட்டேக்க மூலைக்குள்ள தேங்கியிருக்கிற பஞ்சுத்தூளைத் தட்டி விட மறக்க வேண்டாம்.

ப்ரொடெக்டர்: ஆபத்து இதிலதான்

தண்ணி புகாத ப்ரொடெக்டர் எண்டா மேல துவாய் மாதிரித் துணி, கீழ பொலியூரத்தேன் எண்ட மெல்லிசுப் படலம், விலை குறைஞ்சதில பிவிசி. படலத்துக்குள்ளால தண்ணி போகாது, அதுக்குத்தானே வாங்கினது. ஆனா மெஷின்ல ஸ்பின் வேலை செய்யிறதே தண்ணி துணிக்குள்ளால வெளியேறுறதாலதான். ப்ரொடெக்டர் ஒரு பக்கம் பையா மடிஞ்சு தண்ணியைப் பிடிச்சு வச்சிருந்தா அது வெளியேறாது.

எவ்வளவு பெரிய விஷயம் எண்டு கணக்கில பாருங்கோ. அந்தப் பைக்குள்ள 5 லீற்றர் தண்ணி, அதாவது 5 கிலோ. ட்ரம் நடுவில இருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளி, நிமிஷத்துக்கு 700 சுத்து எண்டா அது ட்ரம்மை ஒரு பக்கம் இழுக்கிற விசை கிட்டத்தட்ட 700 கிலோ பாரத்துக்குச் சமன். பை திடீரெண்டு அவிழ்ந்தா அந்தப் பாரம் ஒரு கணத்தில இடம் மாறும். 2016 நவம்பரில அமெரிக்காவில சாம்சங் கொம்பனி கிட்டத்தட்ட 28 லட்சம் டொப் லோட் மெஷின்களுக்கு ரீகோல் அறிவிச்சது ஸ்பின்ல மேல் மூடிப் பகுதி கழண்டு போகக்கூடும் எண்டுதான், அப்ப பாவிக்கிற ஆக்களுக்குச் சொன்னதும் படுக்கைத் துணி, பருமனான துணி, தண்ணி புகாத துணியளைக் குறைஞ்ச வேக டெலிக்கற் ப்ரோகிராம்ல மட்டும் போடுங்கோ எண்டு. வேற கொம்பனிகளின்ர புத்தகத்திலயும் தண்ணி புகாத துணி போடாதீங்கோ எண்டு ஒரு வரி இருக்கும், ப்ரொடெக்டர் லேபிள்ல மெஷின் வாஷ் படம் இருந்தாலும் உங்கட மெஷின் புத்தகம் வேண்டாம் எண்டா வேண்டாம்தான்.

அதால டொப் லோட்ல ஸ்பின்னை நிப்பாட்ட ஏலாட்டி ப்ரொடெக்டரைப் போடவே வேண்டாம், தொட்டியில கையால தோய்ச்சிடுங்கோ, பெரிய வேலையும் இல்லை. புத்தகம் விடுற ஃப்ரண்ட் லோட் எண்டா ஒரு ப்ரொடெக்டர் மட்டும், பாரம் சமப்பட ரெண்டு துவாயைச் சேர்த்து, 40 பாகை, ஸ்பின் 400 இல்லாட்டி இருக்கிறதில ஆகக் குறைஞ்சது. முடிய எடுத்துப் பாக்கேக்க எங்கயாவது தண்ணி தேங்கியிருந்தா அந்த மெஷின்ல இனிமேல் ஸ்பின் வேண்டாம்.

பிள்ளையள் மூத்திரம் விட்டதெண்டா முதல்ல பச்சைத் தண்ணியில அலசி, மணம் போகாட்டி ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு கப் வெள்ளை வினாகிரி விட்டு ஊற வச்சிட்டுப் பிறகு சவர்க்காரம் போடுங்கோ. குளோரின், சொஃப்ற்னர், அயன்பெட்டி மூண்டும் கிட்ட வரக்கூடாது. தோய்க்கிற கல்லில அடிக்கவும் வேண்டாம், படலம் ஒருக்கா மடிப்பில வெடிச்சா பிறகு ஒட்டேலாது. காய வைக்கேக்க படலம் இருக்கிற பக்கம் வெயிலைப் பாக்காம, துணிப் பக்கம் மேல. காய்ஞ்ச பிறகு கீழ ஒரு டிஷூ வச்சு மேல அரைக் கப் தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கோ. டிஷூ நனைஞ்சா, இல்லாட்டி பின்பக்கம் வெள்ளைச் செதில் செதிலா உரிஞ்சா அதுக்குக் காலம் முடிஞ்சுது.

காயுறது

திருகோணமலையில குயில்ட் தோய்க்கிற மாசம் எண்டா ஜூன், ஜூலை, ஓகஸ்ட்தான். கச்சான் காத்து சூடா, காய்ஞ்சு அடிக்கும், அதுக்கு முன்னால எந்த ட்ரையரும் நிக்காது. நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும் மாரி, அந்த நேரம் குயில்ட்டை நனைச்சா வீட்டுக்குள்ளயே புழுங்கி மணக்கும், கவரை மட்டும் மாத்திச் சமாளியுங்கோ.

ஒரு கொடியில மடிச்சுப் போட்டா ரெண்டு பக்கமும் ஒட்டி நிண்டு நடு காயாது. அரை மீற்றர் இடைவெளியில ரெண்டு கொடி கட்டி, ரெண்டுக்கும் மேலால போட்டு நடுவில காத்துப் போக விடுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுத்துப் புரட்டி, கட்டி கட்டியா நிக்கிற பஞ்சை ஈரமா இருக்கேக்கயே விரலால பிரிச்சு விடோணும், காய்ஞ்ச பிறகு பிரிக்க ஏலாது. பின்னேரம் நாலு மணிக்கு மேல வெளியில வைக்காதீங்கோ, கடல் காத்து ஈரத்தைத் திரும்பக் கொண்டு வந்து சேர்க்கும்.

மேல தொட்டுப் பாத்துக் காய்ஞ்சிட்டுது எண்டு நம்பி அலுமாரியில வச்சா பிறகு பூஞ்சணப் புள்ளி வரும், ஏனெண்டா துணி கெதியாக் காயும், நடுவில இருக்கிற பஞ்சு காயாது. முதல் எழுதி வச்ச நிறை இப்பதான் வேணும். அக்காவின்ர கிங் சைஸ் முதல் 2.4 கிலோ, முதல் நாள் பின்னேரம் தொட்டா நல்லாக் காய்ஞ்ச மாதிரித்தான் இருந்தது, தராசில 2.7 காட்டிச்சு. அப்ப உள்ளுக்க இன்னும் 300 மில்லிலீற்றர் தண்ணி. அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் திரும்பக் கொடியில போட்டு, 2.4க்கு வந்த பிறகுதான் கவர் போட்டது.